செவி கேளா மாணவியின் கடிதம்

கல்லூரித் துறை அலுவலகத்திற்கு நாள்தோறும் வரும் கடிதங்கள் பல. விடுப்பு வேண்டுவன சில. கட்டணத்திற்குத் தவணை வேண்டுவன சில. தொலைந்துபோன அடையாளச் சீட்டிற்கு மறுபடி கேட்பன சில. ஒருமுறை படித்து, ஓரத்திலே கையொப்பமிட்டு, கோப்பிற் சேர்த்துவிட்டால் அவற்றின் கதை முடிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் யான் பணிபுரிந்த தாவரவியற்றுறைக்கு வந்த ஒரு கடிதமும் முதலில் அவ்வாறே முடிந்தது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுதியது அது. வாசகம் இவ்வளவே: "எனக்குக் காது சரிவரக் கேளாது. ஆகையால் வகுப்பில் எனக்குத் தக்க உதவி செய்தருளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." துறைத் தலைவர் இரக்கமுடையவர். "முன்வரிசையில் அமரச் செய்க" என்று அதன் மேலேயே எழுதினார். மறுநாள் அம்மாணவி முன்வரிசைக்கு வந்தார். நாங்களெல்லோரும் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

எட்டு வாரம் கழிந்தது. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு நடந்த அன்று அம்மாணவியைக் காணோம். மறுநாள் வியாழக்கிழமை வகுப்பிற்கு வழக்கம்போல் வந்து, எழுதுகோலும் தாளும் எடுத்து வைத்துக்கொண்டு, வினாத்தாளுக்குக் காத்திருந்தார். தேர்வு வியாழனென்று குறிக்கப்பட்டிருந்ததும், பின் அது புதனுக்கு மாற்றப்பட்டதும் உண்மை. மாற்றத்தை அறிவித்தவன் யான். மணியடித்த பின், கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, முதுகைக் காட்டியவண்ணம் அறிவித்தேன். வகுப்பில் நாற்பத்தொருவர் கேட்டனர், ஒருவர் கேட்கவில்லை. முன்வரிசையிலேதான் அவர் இருந்தார்.

மறுதேர்வு வைக்கப்பட்டது, மதிப்பெண் தப்பியது. ஆயினும் அந்த வாரத்திலேயே அவர் இரண்டாவதாக ஒரு கடிதம் எழுதிக் கொணர்ந்தார். இக்கட்டுரை அக்கடிதத்தைப் பற்றியது. பெயரும் பிற அடையாளங்களும் நீக்கி, அவருடைய இசைவுடன், அதனை ஈண்டுத் தருகின்றேன்.

"பெருமதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கு, இரண்டாம் ஆண்டு மாணவி வணக்கத்துடன் எழுதுவது.

எனக்கு வலச்செவியில் 78 டெசிபெல்லும் இடச்செவியில் 95 டெசிபெல்லும் கேட்குந்திறன் குறைவு. பரிசோதனைச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன். வலச்செவியில் கருவி அணிகிறேன். அமைதியான அறையில், ஒருவர் என்னை நோக்கி இரண்டு மீட்டருக்குள் இருந்து பேசினால், பேச்சுப் பெரும்பாலும் விளங்கும். அதற்கப்பால் ஓசை கேட்கும், சொல் விளங்காது. அப்பொழுது உதட்டைப் பார்த்தே பொருள் உணர்கிறேன். இதனால் வகுப்பில் எனக்கு நேர்வன மூன்று. ஆசிரியர் திரும்பினால் பாடம் அறுந்துபோகிறது. யான் எழுதக் குனிந்தாலும் பாடம் அறுந்துபோகிறது. படம் காட்டும்போது பேசுகிறவர் முகம் திரையில் இல்லையாதலால் ஒன்றுமே கிட்டுவதில்லை.

ஆகவே மூன்று வேண்டுகிறேன். ஒன்று: முன்வரிசையில் இடப்புறமிருந்து இரண்டாவது இடம் எல்லா வகுப்பிலும் எனக்கென ஒதுக்கப்படுதல்; ஆசிரியர்கள் பேசும்பொழுது வகுப்பை நோக்கிப் பேசுதல்; மேசைக்குப் பின்னுள்ள சாளரத்தின் கதவை அடைத்துவைத்தல். இரண்டு: உடன்பயில்வோருள் இருவர் முறைவைத்துக் குறிப்பெழுதி, அன்று மாலைக்குள் நகல் தருதல், அறிவிப்புகளும் அதில் அடங்குதல். மூன்று: காட்டப்பெறும் படங்களுக்குத் திரையடியில் எழுத்து இருத்தல், இல்லையேல் பேச்சின் எழுத்து வடிவத்தை இரண்டு நாள் முன்னதாகத் தருதல்.

இம்மூன்றும் ஒன்றற்கொன்று ஈடாகா. எதனை எப்பொழுது, யார் பொறுப்பில் செய்யக்கூடும் என்பதை வரும் திங்கட்குள் எழுத்தாகத் தெரிவிக்க வேண்டுகிறேன். செய்ய இயலாதது ஏதேனும் இருப்பின் அதற்கு மாற்று யாதென்று நேரில் பேச ஆயத்தமாயிருக்கிறேன்."

முதற் கடிதத்தையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்மின். முன்னது ஒரு குறையைச் சொல்லி உதவியைக் கேட்டது. குறையைக் கேட்டவர் தம் மனத்திற் பட்ட உதவியைச் செய்தார். பின்னதோ குறையைப்பற்றி இரண்டே வரி சொல்லி, அக்குறையால் வகுப்பறையில் என்ன நிகழ்கின்றது என்பதை விரித்தது. "ஓசை கேட்கும், சொல் விளங்காது" என்ற ஒரு வாக்கியம் எங்களுக்கு அதுவரை தெரியாத செய்தி. அவரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். ஆகவே கேட்கின்றது என்றே எண்ணியிருந்தோம். கூப்பிட்ட குரல் செவியில் விழுவது வேறு. "இலைத்துளை" என்றதா "இலைக்காம்பு" என்றதா என்று பிரித்தறிவது வேறு. செவித்துணைக் கருவி ஒலியைப் பெருக்கும். உட்செவி சிதைந்துவிட்டிருப்பின், பெருக்கிய ஒலியும் தெளிவின்றியே செல்லும். மூக்குக்கண்ணாடி போட்டவுடன் எழுத்துத் தெளிவது போலக் கருவி போட்டவுடன் பேச்சுத் தெளியும் என்று நினைப்பது பெரும்பாலோர் செய்யும் பிழை.

இனி, முன்வரிசை எதற்கு என்பதை நோக்குவோம். திறந்த வெளியிலே தொலைவு இருமடங்காகுந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் 62 டெசிபெல்லாக உள்ள ஆசிரியர் குரல், எட்டு மீட்டருக்கு அப்பால் 44 ஆகிவிடும். அறைக்குள் இவ்வளவு குறையாது. சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பும். ஆனால் அந்த எதிரொலியே கருவி அணிந்தோர்க்குப் பகை. உயர்ந்த கூரையும் கல் தளமும் உள்ள பழைய கல்லூரி மண்டபங்களில், முந்திய சொல்லின் வால் பிந்திய சொல்லின் தலையை மூடுகின்றது. மேலே சுழலும் விசிறிகளின் இரைச்சலையும் கருவி பெருக்கிக் கொடுக்கும். ஆதலின் அருகில் அமர்வது செவிக்கு நன்று. எனினும் அம்மாணவி கேட்டது வெறும் முன்வரிசையன்று; இடப்புறமிருந்து இரண்டாம் இடம். ஏன்? அவருக்கு நல்ல செவி வலச்செவி. இடப்புறம் அமர்ந்தால் ஆசிரியரும் வகுப்பின் பெரும்பகுதியும் அவருடைய வலப்பக்கம் ஆகிவிடும். நாங்கள் முதலில் அவரை அமர்த்திய இடம் வலக்கோடி. இரக்கத்தோடு செய்ததுதான், ஆயினும் கேட்கும் செவியைச் சுவரின் பக்கம் திருப்பிவைத்தோம்.

நடு இடத்தைக் கேட்கவில்லையே என்று ஒருவர் வினவினார். எங்கள் வகுப்பில் ஆசிரியர் நிற்கும் மேடை முழங்கால் உயரம். அதன் நேர் கீழே அமர்ந்தால் காண்பது மோவாயையும் மூக்குத் துளையையுமே. சற்றே பக்கவாட்டில் அமர்ந்தால்தான் உதடு தெரியும். சாளரத்தின் செய்தியும் அத்தகையதே. அவருடைய இடத்திலிருந்து பார்த்தால் ஆசிரியருக்குப் பின்னே சாளரம் அமைகின்றது. காலை வெயில் அதன் வழி வருங்கால் ஆசிரியர் முகம் கரிய நிழல். நான் அந்த இடத்தில் ஒருநாள் அமர்ந்து, என் நண்பர் ஒருவரை மேடையேற்றிப் பேசச் செய்து பார்த்தேன். அவருக்கு மீசை இருப்பதே தெரியவில்லை. துறையினர் எவரும் ஐந்து நிமிடத்திற் செய்துவிடக்கூடிய சோதனை இது.

உதட்டைப் படித்தல் என்பதைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும்; ஏனெனின் அதன் எல்லையை அறியாதார் அதன்மேல் அளவிறந்த நம்பிக்கை வைக்கின்றனர். கண்ணாடி முன் நின்று "பாடம்" என்றும் "மாடம்" என்றும் ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டிற்கும் ஒன்றே போலக் கூடித் திறக்கும். "பாலை", "மாலை" என்பனவும் அவ்வாறே. வாலை, வாளை, வாழை என்ற மூன்றையும் வேறுபடுத்துவது நாவின் தொழில். அது வாயின் உள்ளே நிகழ்வது, கண்ணுக்குத் தெரியாது. ககரம் தொண்டையருகே பிறப்பதால் உதட்டில் அதன் சுவடே இல்லை. ஆகவே உதட்டைப் படிப்பவர் பாதியைக் கண்டு, மறுபாதியை முன்பின் தொடர்பால் ஊகித்து நிரப்புகின்றார். ஊகத்திற்கு அச்சொல் முன்னமே தெரிந்திருத்தல் வேண்டும். அன்றுதான் முதன்முதற் சொல்லப்படும் "பிளாஸ்மோடெஸ்மா" என்பதை எவராலும் உதட்டிலிருந்து படித்துவிட முடியாது. வகுப்போ புதுச் சொற்களைக் கற்பிக்கும் இடம். இது கருதியே, அம்மாணவி எழுதாத ஒன்றைத் துறை தானாகச் சேர்த்துக்கொண்டது: அன்றைய பாடத்தின் புதுச் சொற்களைத் தொடக்கத்திலேயே கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிடுதல். இதனால் ஏனைய நாற்பத்தொருவருக்கும் எழுத்துப்பிழை குறைந்தது வேறு கதை.

முன்வரிசையின் குறை ஒன்று உண்டு. பின்னாலிருந்து ஒருவர் வினாவினால் அது இவருக்குக் கேளாது, உதடும் தெரியாது. திரும்பிப் பார்ப்பதற்குள் வினா முடிந்துவிடும். ஆசிரியர் "ஆம், சரிதான்" என்று விடை சொன்னால், எது சரி என்று இவர் எங்ஙனம் அறிவார்? வினாவை ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு விடையளிப்பதே இதற்கு மருந்து.

குறிப்பெழுதுவோர் பற்றிய வேண்டுகோளே எங்களுள் மிகுந்த குழப்பத்தை விளைத்தது. அலுவலகத்தார் அதனைத் தேர்வில் பார்வையற்றோர்க்குப் பதிலாக எழுதும் எழுத்தர் என்று கொண்டு, "இம்மாணவியின் கைகள் நன்றாயிருக்கின்றனவே; எழுத ஆள் எற்றுக்கு?" என்று குறித்து அனுப்பினர். வினா நகைப்பிற்குரியதாயினும் அதற்கு விடை சொல்லாமல் முடியாது. ஆசிரியர் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 120 சொற்கள் பேசுகின்றார் என்று கொள்வோம். கை ஒரு நிமிடத்தில் இருபத்தைந்து சொற்கள் எழுதினால் பெரிது. ஆகவே கேட்கும் மாணாக்கரும் எல்லாவற்றையும் எழுதுவதில்லை; எழுதிக்கொண்டே கேட்டு, கேட்டதிலிருந்து பொறுக்கி எழுதுகின்றனர். அவர்க்குக் கண் தாளிலும் செவி ஆசிரியரிடத்தும் இருக்கின்றன. இம்மாணவிக்கோ கேட்பதும் கண், எழுதுவதைக் காண்பதும் கண். ஒரு வரி எழுதப் பத்து விநாடி குனிந்தால் இருபது சொற்கள் போயின. தலை நிமிரும்பொழுது பேச்சு வேறிடத்தில் நிற்கும். விட்ட இடத்தைப் பிடிக்க முயலும்போது மேலும் சில சொற்கள் போம். ஆதலின் அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவேண்டும்: பார்த்துப் புரிந்துகொள்ளுதல், அல்லது எழுதுதல். பிறர் எழுதித் தரின் அவர் கண்கள் விடுதலை பெறும். அவர் சோம்பலால் கேட்டதன்று இது. ஐம்பது நிமிடம் ஊகித்து ஊகித்து உதட்டைப் படிப்பது எவ்வளவு சோர்வு தரும் என்பதை அவரிடம் கேட்டறிந்தேன். பிற்பகல் மூன்றாவது வகுப்பில் கண் எரியும், எழுத்துக்கள் மிதக்கும் என்றார்.

யாரைத் தேர்வது என்பதில் நாங்கள் ஒருமுறை தவறினோம். வகுப்பில் முதல் மதிப்பெண் பெறுபவனை நியமித்தோம். அவன் நல்லவன், ஆனால் தனக்குத் தெரிந்ததை எழுதமாட்டான். ஓர் ஒளிச்சேர்க்கைப் பாடத்திற்கு அவன் தந்த குறிப்பு பதினொரு வரி. நினைவூட்டலுக்கு அவனுக்கு அது போதும். பாடத்தைப் பாதி கேளாதவர்க்கு அஃது எலும்புக்கூடு. இரண்டு வாரம் கழித்துக் குறிப்புகளை வாங்கிப் பார்த்த பின்னரே இது தெரிந்தது. குறிப்பு நன்றா என்று அறிய எளிய வழி ஒன்று கண்டோம்: ஆசிரியர் பாடத்திற்குப் புறம்பாகச் சொன்ன உதாரணம் ஒன்றும், வகுப்பில் எழுந்த வினா ஒன்றும், கடைசியிற் சொன்ன அறிவிப்பும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்தல். மூன்றும் இருந்தால் அது வகுப்பின் பதிவு. இல்லையேல் அது பாடநூலின் சுருக்கம். பாடநூல் அவரிடமே இருக்கின்றது.

பின்னர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, வகுப்பிற்குத் தவறாது வரும் மாணவியர் இருவரைக் கேட்டோம். ஒருவர் வாராத நாள் மற்றவர் எழுதினார். மணியடித்ததும் கைபேசியிற் படமெடுத்து அனுப்பிவிடுவது வழக்கமாயிற்று. பழைய நாளாயின் தாளுக்கடியில் கரித்தாள் வைத்து எழுதியிருப்பர். அன்று மாலைக்குள் என்ற நிபந்தனையை முதலில் வீண் பிடிவாதம் என்று எண்ணினேன். ஒரு வாரம் கழித்து வரும் குறிப்பைக் கொண்டு விட்டதை நிரப்ப முடியாது. அதற்குள் மேலும் நான்கு பாடங்கள் அதன்மேற் கட்டப்பட்டுவிடும் என்பதை அவர் சொல்லித்தான் உணர்ந்தேன். எழுதும் இருவர்க்கும் கல்லூரி ஆண்டிறுதியில் நூல் வாங்கச் சிறு தொகை அளித்தது. தோழமைக்காகச் செய்வதற்குப் பொருள் எதற்கு என்றார் சிலர். தோழமையால் நடப்பது பிணக்கால் நின்றுபோம். பொறுப்பால் நடப்பது அங்ஙனம் நில்லாது என்பது என் கருத்து. கேட்பவர்க்கும், தினமும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும் கூச்சம் இல்லை.

திரையெழுத்திற்கு வருவோம். எங்கள் துறையில் உயிரணுப் பிரிவு, நீர் ஏற்றம் முதலியவற்றை விளக்கும் படங்களை இணையத்திலிருந்து எடுத்துக் காட்டுவது வழக்கம். அவற்றுட் பலவற்றிற்கு எழுத்து இருக்கின்றதே என்றோம். இருந்தது, ஆனால் பொறி தானாகக் கேட்டு எழுதிய எழுத்து அது. ஒலியை நிறுத்திவிட்டு அதனை மட்டும் படித்தோம். "ஸைலம்" என்னும் சொல் வந்த இடத்திலெல்லாம் "அஸைலம்" என்று விழுந்திருந்தது. நீர் மரத்தின் மேலே ஏறுவதற்குப் பதிலாகப் புகலிடத்தில் ஏறிற்று. வாக்கியங்களுக்கு முற்றுப்புள்ளியும் இல்லை. பொதுப் பேச்சை ஒருவாறு சரியாகவே எழுதும் பொறி, பாடத்தின் உயிரான கலைச்சொல்லிற்றான் தவறுகின்றது. கேட்பவர் அப்பிழையைக் கண்டு சிரிப்பர்; கேளாதவர் அதனையே பாடமெனக் கொள்வர். இதுவே அபாயம்.

இதைத் திருத்துவது அத்துணைப் பெருந்தொழிலன்று. பொறி எழுதியதை இறக்கிக்கொண்டு, சொற்களைத் திருத்தி, ஒவ்வோர் எழுத்துத் துண்டும் இரண்டு வரிக்கு மேற்படாமல், பேச்சோடு ஒத்துத் தோன்றி மறையுமாறு நேரத்தைச் சரிப்படுத்தவேண்டும். யார் பேசுகின்றார் என்பதும், பொருளுடைய ஓசைகளும் குறிக்கப்படல் வேண்டும். பத்து நிமிடப் படத்திற்கு எனக்கு முதலில் இரண்டு மணி நேரம் பிடித்தது. பழகிய பின் ஒரு மணிக்குட் குறைந்தது. ஆதலால்தான் இரண்டு நாள் முன்னறிவிப்பு. காலையில் நினைத்துக்கொண்டு பத்து மணிக்குக் காட்டும் படத்திற்கு எழுத்து இராது. இதனால் எங்கள் ஆசிரியர் சிலர் படங்களைக் குறைத்துக்கொண்டனர் என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். மாணவி ஒருவரின் உரிமை மற்றவர்க்குப் படத்தை மறுத்துவிட்டது என்று ஒரு முணுமுணுப்பும் எழுந்தது. காட்டிய பழைய படங்கள் பதினைந்திற்கும் எழுத்து முடிந்தபின் அது தானே அடங்கிற்று. ஒருமுறை செய்த வேலை அடுத்த ஆண்டிற்கும் உதவுமன்றோ?

நிற்க. மூன்றும் ஒன்றற்கொன்று ஈடாகா என்று அவர் எழுதியதை நாங்கள் சற்று மிகையென்றே முதலிற் கருதினோம். "இரண்டைச் செய்துவிட்டோம், மூன்றாவது எதற்கு?" என்ற வினா நிர்வாகத்தார் எவர்க்கும் எழுவதே. கடல்கடந்த நாட்டில் இவ்வினா நீதிமன்றம்வரை சென்றதுண்டு. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து ஓமாஹா நகரிலுள்ள கிரைட்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 2009ஆம் ஆண்டு மைக்கேல் ஆர்ஜெனி என்னும் செவி கேளா மாணவர் சேர்ந்தார். அவர் சைகை மொழி பயிலாதவர். பேச்சை உடனுக்குடன் திரையில் எழுத்தாக்கித் தரும் தட்டெழுத்தாளரை அவர் வேண்டினார். கல்லூரி அவருக்கு முன்னிடம் தந்தது, குறிப்பெழுதுவோரைத் தந்தது, ஆசிரியர் குரலைக் கருவிக்கு நேரே செலுத்தும் வானொலிச் சாதனமும் தந்தது. அவர் கேட்ட எழுத்தை மட்டும் தரவில்லை. முதலிரண்டு ஆண்டுகளில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் வாங்கி அதனைத் தாமே ஏற்பாடு செய்துகொண்டு அவர் படித்தார், வழக்கும் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2013 ஜனவரியில் எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஏதோ ஓரளவு புரிகின்றதா என்பதன்று வினா. மற்ற மாணாக்கரைப்போலப் பயனுறப் படிக்க வழியுண்டா என்பதே வினா. அதனை ஆராயுங்கால் அக்குறையோடு வாழ்பவர் தம் அனுபவமாகச் சொல்வதற்கு மதிப்பளிக்கவேண்டும் என்பது அத்தீர்ப்பின் போக்கு. அவ்வாண்டு நடந்த ஜூரி விசாரணையில் கல்லூரி வேற்றுமை காட்டியதென்றே முடிவாயிற்று. வேண்டுமென்றே செய்ததன்று என்றும் அதே ஜூரி கூறிற்று. இப்பின்னுரையை நான் முக்கியமாகக் கொள்கிறேன். தீய எண்ணம் இல்லாமலே பிழை நிகழ்கின்றது. எங்கள் துறையும் அதற்குச் சான்று.

நம் நாட்டுச் சட்டம் இதிற் பின்தங்கியதன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இரு செவியிலும் 70 டெசிபெல் குறைவுடையோரைச் செவி கேளாதோர் என்றும், 60 முதல் 70 வரை உள்ளோரைக் கேட்குந்திறன் குன்றியோர் என்றும் அது வகுக்கின்றது. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களும், அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்களும் அவரவர் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தரவேண்டும் என்கின்றது அதன் 16ஆம் பிரிவு. அவற்றை மறுத்தலையும் வேற்றுமை காட்டுதலுள் அச்சட்டமே அடக்கியுள்ளது. அளவுக்கு மிஞ்சிய சுமையை மட்டும் அது விலக்குகின்றது. எது நியாயம், எது மிஞ்சிய சுமை என்பது அந்தந்த ஆளையும் இடத்தையும் நோக்கி, இருபாலாரும் கலந்து பேசித் தெளியவேண்டியதாகும். 2021இல் விகாஸ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளது. அம்மாணவி தம் கடிதத்தில் சட்டத்தின் பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை. ஆயினும் "மாற்று யாதென்று நேரில் பேச ஆயத்தமாயிருக்கிறேன்" என்ற கடைசி வாக்கியம் அச்சட்டத்தின் உயிர்நிலையையே தொட்டது. அது மிரட்டலாயிருப்பின் விடையை வழக்கறிஞர் எழுதியிருப்பார். வெறுங்கெஞ்சலாயிருப்பின் பழையபடி ஓரத்திற் கையொப்பம் விழுந்திருக்கும்.

நாள் குறித்து எழுத்துவிடை கேட்டதை ஆசிரியர் சிலர் துடுக்கென்றனர். வாய்ச்சொல்லாற் கூறும் விடை அவருக்கு எப்படிக் கேட்கும் என்று துறைத் தலைவர் கேட்டபின் அப்பேச்சு எழவில்லை. விடையில் மூன்று வரி இருந்தன. ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆசிரியர் பெயரும் ஒரு தேதியும் இருந்தன. திரையெழுத்து என் பெயருக்கு எதிரே வந்தது.

கடிதத்தால் தீராதனவும் இருந்தன. வகுப்புப் பேச்சையே உடனுக்குடன் எழுத்தாக்கும் ஏற்பாடு எங்களால் இயலவில்லை. நாங்கள் ஒரே வாக்கியத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவோர். முயன்று பார்த்த பொறி அக்கலப்பிலே தடுமாறிற்று. ஆண்டிறுதியில் கொடைக்கானலுக்குச் செடி சேகரிக்கச் செல்வது வந்தபோது, மலைச்சரிவிலே முன்வரிசை ஏது? ஆசிரியர் முன்னே நடந்துகொண்டு பேச, காற்று இரைய, மாணாக்கர் ஒற்றையடிப் பாதையில் வரிசையாகச் செல்வர். அதற்கு அவர் மூன்றாவதாக ஒரு சிறு கடிதம் எழுதினார். காணப்போகும் செடிகளின் பெயர்ப்பட்டியல் முன்னதாகவே வேண்டும். ஒவ்வொரு செடியருகிலும் எல்லோரும் நின்றபின் ஆசிரியர் திரும்பி நின்று பேசவேண்டும். நடக்கும்போது பாடம் சொல்லலாகாது. கையொப்பத்தோடு எட்டு வரி.

பட்டியலை யான் தயாரித்தேன். அறுபத்து நான்கு பெயர்களில் இரண்டைப் பிழையாக எழுதியிருந்தேன். புறப்படுவதற்கு முந்திய நாள் அவ்விரண்டையும் திருத்தி அவரே திருப்பிக் கொடுத்தார்.